தரம் இரண்டின் காலை இருபது நிமிடங்களை விட்டுவிடாதீர்கள்



பெற்றோருக்கும் ஊர் மக்களுக்கும் எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

கடைசிப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு கோரிக்கை வந்தது. "தரம் இரண்டில் காலையில் பிள்ளைகள் பெட்டி தூக்கிக்கொண்டு திரிகிறார்கள், பாயில் இருந்து கதைக்கிறார்கள், கொப்பியில் ஒன்றும் இல்லை. அந்த நேரத்துக்குச் சொல்வதெழுதுதலும் தவணைப் பரீட்சைக் கேள்வித்தாளும் கொடுத்தால் என்ன?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் பிள்ளைகளில் அக்கறை உள்ளவர்கள். கொப்பியைத் திறந்து பார்க்கிற பெற்றோர் இருப்பதே எங்களுக்குச் சந்தோஷம். ஆனாலும் இந்த விடயத்தில் எங்கள் பதில் 'வேண்டாம்' என்பதுதான். ஏன் என்று விளக்குவது எங்கள் கடமை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வகுப்பில் 24 பிள்ளைகள். வாசிப்புப் பாடம் 40 நிமிடம். வழமையான முறையில் ஒவ்வொருவராக எழுந்து வாசித்தால், ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது கூடினால் 1 நிமிடம் 40 செக்கன். மிச்ச நேரம் முழுவதும் மற்றவர் வாசிப்பதைக் கேட்டபடி இருக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை அப்படி இருக்காது. தன் முறை வருமுன் தன் வரியை மனப்பாடம் செய்துகொள்ளும், அல்லது யன்னலால் வெளியே பார்க்கும். எல்லாரும் சேர்ந்து சத்தமாக வாசித்தால் இன்னும் மோசம். வாசிக்கத் தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்து அரைச் செக்கன் பிந்திச் சொல்லிவிடும். முன்னால் நிற்கிற எங்களுக்கு அது தெரியவே தெரியாது.

அந்தப் பிள்ளை தரம் மூன்றுக்குப் போகும், நான்குக்குப் போகும். புலமைப்பரிசில் வருடத்தில்தான் வினாவையே வாசிக்கத் தெரியாது என்பது வெளியே வரும். அப்போது எந்த ரியூசனுக்கு அனுப்பினாலும் தரம் இரண்டில் விட்ட எழுத்தை ஒருவரும் அங்கே எடுத்துப் படிப்பிக்க மாட்டார்கள். காலை இருபது நிமிடம் இதைத் தடுக்கத்தான்.

இந்த நேரத்தின் நோக்கம் ஒன்றே ஒன்று. ஆசிரியர் ஆறு பிள்ளைகளோடு எட்டு நிமிடம் குழப்பமில்லாமல் இருந்து, ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பதைத் தன் காதால் கேட்க வேண்டும். பெட்டி, அட்டை, மணி, நிறப் புள்ளி எல்லாம் அந்த எட்டு நிமிடத்தைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு.

நடைமுறையைச் சொல்கிறோம். 24 பிள்ளைகளை ஆறு ஆறு பேராக நான்கு குழுவாக்கியிருக்கிறோம். பாலை, முதிரை, வீரை, வேம்பு என்று எங்கள் காட்டு மரங்களின் பெயர்கள். வேலைகளும் நான்கு. பாயில் ஆசிரியரோடு வாசிப்பது ஒன்று, எழுத்துத் துண்டுகளால் சொல் கட்டுவது இரண்டு, சோடியாக வாசிப்பது மூன்று, படம் பார்த்து வசனம் எழுதுவது நான்கு.

நான்கையும் ஒரே நாளில் செய்ய வெளிக்கிட்டால் ஒன்றுக்கு நான்கு நிமிடம்தான் வரும். ஏழு வயதுப் பிள்ளை பெட்டியைத் திறந்து, அட்டையைப் பார்த்து, வேலையைத் தொடங்கவே இரண்டு நிமிடம் போய்விடும். ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு வேலை மட்டும். முதல் நிமிடம் இருக்கைக்குப் போக. பிறகு எட்டு நிமிடம் ஒரு வேலை. ஒரு நிமிடம் அடுக்கி மாற. மறுபடி எட்டு நிமிடம். கடைசி இரண்டு நிமிடம் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்து, யாராவது ஒரு பிள்ளை தான் எழுதிய வசனத்தை வாசித்துக் காட்ட. மொத்தம் இருபது. இரண்டு நாளில் ஒவ்வொரு பிள்ளையும் நான்கு வேலையையும் செய்து முடிக்கும். திங்கள் முதல் வியாழன் வரை ஒவ்வொரு குழுவும் இரண்டு தடவை பாய்க்கு வரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக நேரத்தோடு பாடசாலை விடுவதால் அன்று சுற்று இல்லை. அந்தக் கிழமை தட்டுப்பட்ட பிள்ளைகளை மட்டும் இன்னொரு தடவை பாய்க்குக் கூப்பிடுவோம்.

பாயில் என்ன நடக்கிறது? முதல் நிமிடம், அன்றைய பக்கத்தில் தட்டுப்படக்கூடிய இரண்டு சொற்களைச் சின்னப் பலகையில் எழுதிக் காட்டுவோம். பிறகு ஆறு பேரும் ஒரே நேரத்தில், அவரவர் வேகத்தில், முணுமுணுத்து வாசிப்பார்கள். முடித்த பிள்ளை திரும்ப முதலில் இருந்து வாசிக்கும். நாங்கள் ஒரு பிள்ளையின் பக்கம் சரிந்து ஒரு நிமிடம் கேட்போம், அடுத்த நிமிடம் அடுத்த பிள்ளை. ஆறு நிமிடத்தில் ஆறு பேரையும் கேட்டுவிடலாம். கடைசி நிமிடம், பலரும் பிழைவிட்ட ஒரு சொல்லை எல்லாருமாகப் பார்ப்போம். கேட்டதை ஒரு சின்னக் கொப்பியில் குறிப்போம். புள்ளி போட மாட்டோம். புத்தகத்தில் இருந்த சொல்லையும் பிள்ளை சொன்ன சொல்லையும் அப்படியே எழுதிவைப்போம்.

அந்தக் கொப்பியில் இருந்து ஒரு உதாரணம். ஒரு குழுவில் மூன்று பிள்ளைகளின் பெயருக்கு நேரே இப்படி இருந்தது: கொடி என்பதற்குக் கெடி, கோழி என்பதற்குக் கேழி, தோள் என்பதற்குத் தேள். மூன்று பேரும் நன்றாகக் கதைக்கிற பிள்ளைகள். வகுப்பே சேர்ந்து வாசிக்கும்போது ஒரு பிழையும் கேட்காது. சொல்வதெழுதுதல் கொடுத்திருந்தால் 'பிழை' என்று சிவப்புக் கோடு விழுந்திருக்கும், அதற்கு மேல் ஒன்றும் தெரிந்திருக்காது. பக்கத்தில் இருந்து கேட்டபடியால்தான் காரணம் விளங்கியது. கொ, கோ இரண்டிலும் எழுத்துக்கு முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. பிள்ளையின் கண் முன்னால் உள்ள கொம்பைக் கண்டவுடன் வாய் 'கெ' என்று சொல்லிவிடுகிறது. பின்னால் நிற்கும் கால் கணக்கில் வரவில்லை. இது கவனயீனம் இல்லை. தமிழ் எழுத்தில் குறி ஒரு பக்கத்தில் எழுதப்பட்டாலும் ஒலி எப்போதும் மெய்க்குப் பிறகுதான் வருகிறது. இரண்டு பக்கமும் குறி வரும்போது பிள்ளை குழம்புவது இயல்பு.

அடுத்த கிழமை அந்தக் குழுவின் சொல் கட்டும் பெட்டியை மாற்றினோம். கொம்பையும் காலையும் தனித்தனித் துண்டாக வைக்காமல், ஒரு நீளக் காட்போட் துண்டில் இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் காலும் எழுதி, நடுவில் சதுரமாக ஓட்டை வெட்டினோம். அந்த ஓட்டைக்குள் க வைத்தால் கொ, த வைத்தால் தொ. இரட்டைக் கொம்புக்கு இன்னொரு துண்டு. மூன்றும் சேர்ந்து ஒரே ஒலி என்பதைப் பிள்ளை கையால் பிடித்துப் பார்க்கிறது. சொற்கள் கொடி, மொட்டு, சோறு, கோழி, தோடு. இரண்டாவது கிழமை சோடிச் சொற்கள்: தேள் – தோள், தேடு – தோடு, பெட்டி – பொட்டு. படத்தைப் பார்த்துச் சரியான சொல்லைக் கட்ட வேண்டும். மூன்றாவது கிழமை பாயில் புதிய பக்கம் ஒன்றைக் கொடுத்துக் கேட்டபோது இரண்டு பிள்ளைகள் தடையில்லாமல் வாசித்தார்கள். மற்றப் பிள்ளை கொ வரும் இடத்தில் சற்று நின்று, விரலால் இரண்டு பக்கமும் தொட்டுவிட்டு, சரியாக வாசித்தது. அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு கிழமை தேவை என்று எழுதிவைத்தோம்.

இன்னொரு வகைப் பிள்ளையும் உண்டு. பக்கம் முழுவதையும் பாட்டுப் போல ஒப்புவிக்கும். விரல் ஒரு சொல்லில் நிற்கும், வாய் அடுத்த வரியில் நிற்கும். சந்தேகம் வந்தால் படத்தைக் கையால் மறைத்து, கடைசி வரியில் இருந்து ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டுவோம். அங்கே தெரிந்துவிடும். இதை வீட்டில் நீங்களும் செய்து பார்க்கலாம்.

இப்போது அட்டைகள். நாங்கள் பாயில் இருக்கும்போது மற்றப் பதினெட்டுப் பிள்ளைகளையும் நடத்துவது இந்த அட்டைதான். அதனால் அட்டை எழுதுவது பெரிய வேலை. ஒரு அட்டையில் மூன்று படிக்கு மேல் இருக்கக்கூடாது. ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னப் படம், ஏனென்றால் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கும் என்ன செய்வது என்று தெரிய வேண்டும். சொல் கட்டும் அட்டை ஒன்றில் இப்படி இருக்கும்: "1. படத்தைப் பார். 2. சொல்லைக் கட்டி, சிலேட்டில் எழுது. 3. அட்டையைத் திருப்பிப் பார்." பின்பக்கத்தில் விடை இருக்கும். சிலேட்டில் எழுதிய பிறகுதான் திருப்பலாம் என்ற படி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் பிள்ளைகள் முதலில் திருப்பிப் பார்த்துவிட்டு அதையே அடுக்கிவைப்பார்கள்.

ஒரே அட்டையைப் பற்றிக் கேட்க இரண்டு பிள்ளைகள் எழுந்து வந்தால் அந்த அட்டையை எடுத்துத் திருத்துவோம். பிள்ளைக்கு விளங்காத அட்டை வகுப்பில் இருந்து பயன் இல்லை. சொற்களும் எங்கள் பிள்ளைகளின் வாயில் இருக்கிற சொற்களாக இருக்க வேண்டும். குளம், வரம்பு, இறால், பாலைப்பழம் எல்லாம் இருக்கின்றன. அம்மா, அப்பாவோடு உம்மா, வாப்பாவும் இருக்கின்றன. இரட்டை எழுத்துப் பழக்குவதற்கு இந்த நான்கும் ஒன்றுக்கொன்று நல்ல துணை.

அட்டை முறை நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்து ரிஷிவெலியில் கிராமப் பாடசாலைகளுக்காக உருவான அட்டை முறையைப் பார்த்து, 2003 இல் சென்னை மாநகராட்சிப் பாடசாலைகளில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கினார்கள். சில வருடங்களில் அது தமிழ்நாடு முழுவதும் போனது. பாடம் முழுவதையும் அட்டைகளாக்கி, ஏணி போல வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறும்படி செய்தார்கள். 2022 இல் அங்கே தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைப்படுத்திக் கற்பித்தார்கள். எங்கள் நாட்டிலும் 1997 கல்விச் சீர்திருத்தத்துக்குப் பிறகு தரம் ஒன்றும் இரண்டும் முதன்மை நிலை 1 என்று வகுக்கப்பட்டு, விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்ற மூன்றாலும் கற்பிக்கச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே கொப்பி நிரம்பினால்தான் படிப்பு என்பது தரம் இரண்டுக்கு எங்கள் பாடத்திட்டமே சொல்லாத ஒன்று.

முழுப் பாடத்தையும் அட்டைக்கு மாற்ற நாங்கள் விரும்பவில்லை. 24 பிள்ளைகள் 24 படியில் நின்றால் ஒரு ஆசிரியரின் நேரம் அட்டை தேடுவதிலும் அடையாளம் இடுவதிலும் போய்விடும், கேட்பதற்கு நேரம் மிஞ்சாது என்பது எங்கள் கருத்து. எங்களுக்கு ஒரு பெட்டிக்குப் பத்து, பன்னிரண்டு அட்டை போதும். புதிய எழுத்தை முழு வகுப்புக்கும் கரும்பலகையில்தான் படிப்பிக்கிறோம். சுற்று என்பது படித்ததைப் பழகும் நேரம். படிப்பிக்காத ஒன்றை அட்டையில் போட்டால் பதினெட்டுப் பிள்ளைகளும் பாயைச் சுற்றி வந்து நிற்பார்கள்.

ஒழுங்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்ப்பவர்களுக்குப் பிள்ளைகள் தாங்களாகவே இயங்குவது போலத் தெரியும். அது மூன்று கிழமைப் பழக்கம். முதல் கிழமை எல்லாருக்கும் ஒரே வேலைதான். பெட்டியைத் திறப்பது, மூடுவது, மணி அடித்தவுடன் கையில் இருப்பதை வைத்துவிட்டுப் பார்ப்பது, இவற்றைத்தான் பழக்கினோம். இரண்டாவது கிழமை இரண்டு வேலை. மூன்றாவது கிழமைதான் நான்கும். அந்த மூன்று கிழமையும் நாங்கள் பாயில் இருக்கவே இல்லை, வகுப்பைச் சுற்றி நடந்தோம். எங்கள் வகுப்பு சின்னது, வாங்குகளுக்கு நடுவே பிள்ளைகள் ஓடினால் மோதுவார்கள். அதனால் பாய்க்கு வரும் குழுவும் பாயை விட்டுப் போகும் குழுவும் மட்டும் இடம் மாறும். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள், பெட்டிதான் மாறும். நீங்கள் கண்ட 'பெட்டி தூக்கித் திரிவது' இதுதான். எந்தக் குழுவுக்கு எது என்பதைக் கயிற்றில் கொழுவிய நிற உடுப்பு கிளிப் காட்டும். சந்தேகம் வந்தால் முதலில் குழுவில் கேட்க வேண்டும். இரத்தம், வாந்தி, மலசலகூடம் என்றால் மட்டும் நேரே எங்களிடம் வரலாம்.

இந்த முறை எங்கே பிழைக்கும் என்பதையும் மறைக்கவில்லை. சோடி வாசிப்பில் கெட்டிக்காரப் பிள்ளை முழுவதையும் வாசித்துவிடும், மற்றது தலையாட்டும். அதனால் பக்கம் திருப்பியவுடன் வாசிப்பவர் மாற வேண்டும், மற்றவர் விரல் வைத்துத் தொடர வேண்டும். ஒரு எழுத்தும் தெரியாத பிள்ளையை அட்டையோடு தனியே விடமுடியாது, துணை வேண்டும். குழு வருடம் முழுக்க ஒரே மாதிரி இருந்தால், மரப் பெயர் வைத்தாலும் எது 'கீழ்க் குழு' என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். ஆகவே மூன்று நான்கு கிழமைக்கு ஒருக்கால் கொப்பியைப் பார்த்துக் குழுவை மாற்றுகிறோம். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதை இப்படியே செய்ய முடியாது. பாயில் பத்துப் பேர் இருந்தால் எட்டு நிமிடத்தில் எல்லாரையும் கேட்க முடியாது. அங்கே சுற்றை நீட்ட வேண்டும், அல்லது இன்னொரு பெரியவர் வேண்டும். வன்னியில் தரம் இரண்டும் மூன்றும் ஒன்றாக இருக்கிற சின்னப் பாடசாலைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

நடக்கிறதா இல்லையா என்று நீங்களே பார்க்கலாம். யன்னலோரம் நின்று மூன்று விடயம் கவனியுங்கள். ஆசிரியர் எட்டு நிமிடத்தில் எத்தனை தடவை பாயை விட்டு எழும்புகிறார்? ஒருமுறையும் எழும்பாவிட்டால் ஒழுங்கு பழகியிருக்கிறது. மணி அடித்து அடுத்த வேலை தொடங்க எவ்வளவு நேரம்? ஒரு நிமிடத்தைத் தாண்டினால் பெட்டியில் ஏதோ குறை. கேட்கிற சத்தம் என்ன சத்தம்? புத்தகத்துச் சொற்கள் கேட்டால் அது வேலைச் சத்தம். "என்ட பென்சில்" என்று கேட்டால் பெட்டியில் பென்சில் காணாது.

எங்கள் வேண்டுகோள் மூன்று.

காலை அந்த இருபது நிமிடமும் வகுப்பு வாசலுக்கு ஒருவரும் வர வேண்டாம். காசு சேர்ப்பது, அறிவித்தல் கொண்டுவருவது, மறந்த தண்ணீர்ப் போத்தல் கொடுப்பது எல்லாம் கந்தோரில் கொடுத்தால் பிறகு வந்து சேரும். ஒருவர் வாசலுக்கு வந்தால் நாங்கள் எழும்ப வேண்டும், அன்று இரண்டு பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்க முடியாமல் போகும்.

அபிவிருத்திச் சங்கம் இதற்குக் காசு சேர்க்க வேண்டாம். பிளாஸ்டிக் எழுத்துக்கள் தேவையில்லை. பிஸ்கட் பெட்டிக் காட்போட், சோடாமூடி, பழைய கலண்டரின் வெள்ளைப் பக்கம், ஒரு பாய் போதும்.

பிள்ளையிடம் "இன்றைக்கு எத்தனை பக்கம் எழுதினாய்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இந்தக் கிழமை பாயில் எதை வாசித்தாய்? எனக்கு வாசித்துக் காட்டு" என்று கேளுங்கள். நீங்களே வாசிக்கத் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை. விரலும் வாயும் சேர்ந்து போகிறதா என்று பார்த்தால் போதும்.

இந்தத் தவணை முடியும்வரை இந்த நேரத்தை விட்டுத்தாருங்கள். தவணை முடிவில் கேள்வித்தாளும் வரத்தான் போகிறது. அதற்கு முன் எங்கள் குறிப்புக் கொப்பியில் உங்கள் பிள்ளையின் பக்கத்தை எந்தப் பெற்றோரும் வந்து பார்க்கலாம். முதல் கிழமை எந்தச் சொல்லில் நின்றது, இப்போது எந்தச் சொல்லில் நிற்கிறது என்று காட்டுவோம். மற்றப் பிள்ளைகளின் பக்கத்தைக் காட்ட மாட்டோம். அதைப் பார்த்தபின் கேள்வித்தாள்தான் நல்லது என்று தோன்றினால், அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றித் தாராளமாகக் கதைப்போம்.